கழிக்காத தேய்மானத்துக்கும் வரி உண்டு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரிடம், முதலில் வாங்கிய வீடு வாடகைக்குப் போயிருக்கும். வேலை மாறி வேறு ஊர் போனபோது விற்க மனம் வராமல் வாடகைக்கு விட்ட வீடு அது. மாதாமாதம் வாடகை வருகிறது, கடன் தவணை போகிறது, வருமான வரிப் படிவத்திலும் கணக்குக் காட்டியாகிறது. ஆனால் அந்தப் படிவத்தில் தேய்மானத்துக்கான கட்டம் மட்டும் சில வீடுகளில் வருடக்கணக்கில் காலியாகவே கிடக்கிறது.

இதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். இந்தியாவில் தனிநபர் வீட்டை வாடகைக்கு விட்டால் தேய்மானக் கழிவு கிடையாது. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைச் செலவாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சட்டம் அப்படியல்ல. குடியிருப்பு வாடகைக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் சம பங்காகக் கழிக்க வேண்டும். 'கழிக்கலாம்' என்று பலர் நினைத்துக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

டெக்சாஸில் 3,45,000 டாலருக்கு வாங்கிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலம் தேயாது, அதைத் தனியே பிரிக்க வேண்டும். கவுண்ட்டி அனுப்பும் சொத்து மதிப்பீட்டு நோட்டீசில் நிலத்துக்கு ஒரு தொகையும் கட்டடத்துக்கு ஒரு தொகையும் தனித்தனியாக இருக்கும். அந்த விகிதத்தில் பிரித்தால் நிலம் 70,000, கட்டடம் 2,75,000 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 10,000 டாலர். தொடங்கும் மாதத்துக்கும் விற்கும் மாதத்துக்கும் அரை மாதக் கணக்கு உண்டு. எளிமைக்காக அதை விட்டுவிடுகிறேன்.

வாடகை ஆண்டுக்கு 30,000. கடன் வட்டி, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 19,000. மீதி 11,000. இதில் தேய்மானத்தைக் கழித்தால் வரிக்கு உட்படுவது 1,000 டாலர்தான். தவணையில் அசலாகப் போகும் பணம் செலவல்ல என்பதையும், திருப்பிக் கொடுக்க வேண்டிய செக்யூரிட்டி டெபாசிட் வருமானமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஒழுகும் இடத்தை அடைத்தால் அது அந்த ஆண்டுச் செலவு. கூரையையே புதிதாகப் போட்டால் அது தனிச் சொத்து. அதற்கும் புதிதாக 27.5 ஆண்டு ஓடும்.

சொந்தமாகக் கணக்கு எழுதுபவர்கள் நிலம், கட்டடம், திரண்ட தேய்மானம் என மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு முடிவில் தேய்மானச் செலவில் 10,000 பற்று, திரண்ட தேய்மானத்தில் 10,000 வரவு. வங்கியிலிருந்து ஒரு காசும் வெளியே போகாது. பாஸ்புக்கைப் பார்த்து மட்டும் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்தப் பதிவு விட்டுப்போவது அதனால்தான். கட்டடக் கணக்கிலேயே நேராகக் கழித்துவிட்டால், பத்து வருடம் கழித்து வாங்கிய விலை எது என்று தேட வேண்டிவரும்.

பத்தாண்டு கழித்து வீடு 5,00,000 டாலருக்கு விலைபோகிறது. தரகும் மற்ற செலவும் 30,000; கைக்கு 4,70,000. வாங்கிய விலையை மட்டும் நினைத்திருப்பவருக்கு லாபம் 1,25,000. வரித்துறைக்கு அப்படியல்ல. வாங்கிய விலையிலிருந்து 1,00,000 தேய்மானம் போய்விட்டதால் அடக்கம் 2,45,000, லாபம் 2,25,000. கணக்கில் வங்கிக்கு 4,70,000, திரண்ட தேய்மானத்துக்கு 1,00,000 பற்று. நிலம் 70,000, கட்டடம் 2,75,000, லாபம் 2,25,000 வரவு. இரு பக்கமும் 5,70,000.

அந்த லாபத்தில் தேய்மானத்தால் வந்த 1,00,000 டாலருக்கு அதிகபட்சம் 25 சதவீத வரி. மீதி 1,25,000 நீண்டகால மூலதன ஆதாயம். பெரும்பாலோருக்கு 15 சதவீதம். வருமானம் கூடியவர்களுக்கு 3.8 சதவீதக் கூடுதல் வரியும் சேரலாம்.

தேய்மானத்தை ஒரு வருடம்கூடக் கழிக்காதவர் கதி என்ன? சட்டம், கழித்த தேய்மானத்தையும் கழித்திருக்க வேண்டிய தேய்மானத்தையும் ஒன்றாகவே பார்க்கிறது. அவருக்கும் அடக்கம் 2,45,000தான். 22 சதவீத வரி கட்டியவர் ஆண்டுக்கு 2,200 வீதம் பத்தாண்டில் 22,000 டாலர் கூடுதலாகக் கட்டியிருப்பார். விற்கும்போது, அனுபவிக்காத சலுகைக்கும் வரி கட்டுவார். இதைக் கடுமை என்றே சொல்வேன். ஆனால் வழி அடைபடவில்லை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், 3115 எண் படிவத்தைத் தாக்கல் செய்து, விட்ட தேய்மானம் முழுவதையும் ஒரே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். பழைய வரிப் படிவங்களைத் திருத்துவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. இந்தப் படிவம் அதற்கு முன்னாலும் எட்டும். வீட்டை விற்ற ஆண்டிலும் இதைச் செய்யலாம். படிவம் சிக்கலானது, விவரமறிந்த கணக்காளரிடம் கொடுப்பதே சரி.

வாடகை வீடு வைத்திருப்பவர்கள் சென்ற ஆண்டு வரிப் படிவத்தை எடுங்கள். வாடகைக்கான 'ஷெட்யூல் ஈ' பக்கத்தில் 18ஆம் வரி தேய்மானத்துக்கு உரியது. அங்கே எண் இல்லையென்றால், வீட்டை விற்கும் பேச்சைத் தொடங்கும் முன் கணக்காளரைப் பாருங்கள்.