உறவினருக்குக் கொடுத்த கைமாற்றும் வருமானவரி அறிவிப்பும்

உறவினருக்கு ரொக்கமாகக் கடன் கொடுத்துத் திரும்பப் பெறுவது கன்னியாகுமரி மாவட்டத்தில் கைமாற்று எனப்படும். இதற்குப் பெரும்பாலும் எழுத்து இருப்பதில்லை. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கம் செலுத்தப்பட்டால், வங்கி அதை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்கும். திரும்பி வந்த கைமாற்றைக் கணக்கில் செலுத்தியவருக்கு அறிவிப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

மண்டைக்காட்டில் ஓய்வூதியம் பெறும் ஒருவர் வீடு கட்டுவதற்காக 2021 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் உள்ள வங்கியிலிருந்து 11 இலட்சம் ரூபாய் எடுத்து வைத்திருந்தார் என்று கொள்வோம். ஆகஸ்ட் 14 இரவு அவருடைய தங்கை மகன் விபத்தில் சிக்குகிறார். அன்று இரண்டாம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. கையிலிருந்த பணம் முழுவதையும் சிகிச்சைக்குக் கடனாகக் கொடுக்கிறார். 2023 மே மாதம் தங்கை மகன் தம் தென்னந்தோப்பை விற்று, வங்கியில் வந்த தொகையிலிருந்து 11 இலட்சம் எடுத்து மாமாவின் கையில் கொடுக்கிறார். மாமா அதைத் தம் கணக்கில் செலுத்துகிறார்.

எதை மெய்ப்பிக்க வேண்டும்?

பணம் எங்கிருந்து வந்தது என்பதே அதிகாரியின் முதல் கேள்வி. விளக்கம் ஏற்கப்படாவிட்டால் 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் 69ஏ பிரிவின்படி அது விளக்கப்படாத பணமாகி, உயர்ந்த விகிதத்தில் வரி விதிக்கப்படும்.

பணம் போன வழியும் வந்த வழியும் அறுபடாமல் காட்டப்பட வேண்டும். போன வழிக்கு, 2021இல் பணம் எடுத்த பாஸ்புத்தகப் பக்கமும், அடுத்தடுத்த நாட்களில் பணம் கட்டிய மருத்துவமனை ரசீதுகளும் சான்று. வந்த வழிக்கு, தோப்பு விற்ற பத்திரமும், தங்கை மகனின் கணக்கில் பணம் எடுத்த பதிவும், மாமாவின் கணக்கில் செலுத்திய பதிவும் வேண்டும். எடுத்த நாளும் செலுத்திய நாளும் நெருங்கியிருந்தால் சான்று வலுப்பெறும். இவற்றுடன், கொடுத்த நாள், திருப்பிய நாள், தொகை, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றைக் குறித்துத் தங்கை மகன் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் இணைக்கப்படும்.

அறிவிப்பு வந்தபின் பழைய தேதியிட்டுப் புரோநோட்டு எழுதக் கூடாது. அது வெளிப்பட்டுவிட்டால், உண்மையான மற்றச் சான்றுகளும் நம்பிக்கை இழக்கும்.

சான்றே தண்டமாகும் இடம்

கடன் உண்மை என்று நிறுவியவுடன் வேறொரு கேள்வி எழுகிறது. 269எஸ்எஸ் பிரிவின்படி 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. 269டி பிரிவின்படி அத்தகைய கடனை ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. இரண்டிலும் தண்டம் கடன் வாங்கியவருக்கு. ஒவ்வொன்றும் அந்தத் தொகைக்குச் சமம். 269எஸ்டி பிரிவின்படி 2 இலட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகத் திரும்பப் பெற்ற மாமாவுக்கும் அதே அளவு தண்டம் வரலாம். ஆக, 11 இலட்சம் கடனுக்கு மூன்று தண்டங்களும் சேர்ந்தால் 33 இலட்சம்.

உறவினருக்கு இதில் விலக்கு உண்டு என்று பலர் நினைப்பது தவறு. உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது வேறு விதி. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் வேளாண் வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டால் 269எஸ்எஸ் பொருந்தாது. மீன்பிடி வருமானம் வேளாண் வருமானம் ஆகாது.

நியாயமான காரணம்

269எஸ்எஸ் பிரிவு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஏ. பி. சாந்தி வழக்கில் கூறியிருந்தது. 2002இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, பிரிவு செல்லும் என்றது. ஆனால் கடன் உண்மையானதாகவும், காசோலையில் பெற முடியாததற்கு நேர்மையான காரணமும் இருந்தால், 273பி பிரிவின்படி தண்டம் விதிக்காமல் விடலாம் என்றும் விளக்கியது. மாமனாரிடமிருந்து மருமகள் ரொக்கம் பெற்ற ஒரு வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றமும் தண்டத்தை ஏற்கவில்லை.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் கடன் வாங்கியதற்கு விபத்தும் விடுமுறை இரவும் வலுவான காரணங்கள். திருப்பியதற்கு அத்தகைய காரணம் இல்லை. தங்கை மகனின் பணம் வங்கியிலேயே இருந்தது, மாற்றி அனுப்பியிருக்கலாம். ஆகவே வாங்கியதற்கான தண்டத்திலிருந்து தப்பினாலும், திருப்பியதற்கான தண்டம் இருவரையும் தொடரக்கூடும். ஒன்றுக்குச் சொன்ன காரணம் மற்றதற்கு உதவாது என்பதால், பதிலில் இரண்டையும் தனித்தனியே விளக்க வேண்டும்.

இருவரின் பதில்களிலும் தேதியும் தொகையும் ஒத்திருக்க வேண்டும். தண்டத்துக்கு அஞ்சி ஒருவர் கடன் என்றும் மற்றவர் அன்பளிப்பு என்றும் சொன்னால், மாமாவின் பணம் மீண்டும் விளக்கப்படாத பணமாகிவிடும். பதிலை incometax.gov.in தளத்தில், அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் சான்றுகளுடன் பதிவேற்ற வேண்டும்.

2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. அதற்கு முந்தைய கைமாற்றுகளுக்கு இங்கே கூறிய 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.