எடிட் மேசை – 14: கேஷுக்கு எந்த டிரைவில் இடம்?

“சி டிரைவ் சிவப்பாயிடுச்சா? கேஷைத் தூக்கி டி-யில போடு.” கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகளில் இதற்குத்தான் முதலிடம். பாதி சரியான யோசனை. சி-யில் இடம் கிடைத்துவிடும். ஆனால் அன்று மாலையே டைம்லைன் திணற ஆரம்பிக்கும்.

கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் இதை நேராகப் பார்த்தேன். 32 ஜிபி ராம், சுமாரான கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி, பூட்டேஜ் கொட்டி வைக்க டி என்று 4 டிபி ஹார்டு டிஸ்க். பிரீமியர் புரோவில் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் படம் நகரும். டைம்லைனில் வேறு இடத்தில் கிளிக் செய்தால் மறுபடி அதே தயக்கம். “அண்ணே, போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. ராம் பத்தலையோ?” என்றார் எடிட் செய்யும் தம்பி. போன மாதம் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். சி நிறைந்துவிட்டதால் கேஷை டி-க்கு மாற்றினாராம்.

டாஸ்க் மேனேஜரில் Performance பக்கத்தைத் திறந்து, டைம்லைனை ஓடவிட்டுக்கொண்டே டி டிரைவைப் பார்த்தோம். Active time 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 20 எம்பியைத் தாண்டவில்லை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு சதவீதமும் 180 எம்பியும் சேர்ந்து வந்தால் டிஸ்க் முழு மூச்சில் அள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நூறு சதவீதமும் 20 எம்பியும் வந்தால், அள்ளுவதை விட அலைவதில்தான் அதற்கு நேரம் போகிறது.

அலைச்சல் எதனால்? 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. அதற்கு முன் முள் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி நொடி. ஆக, ஒரு தாவலுக்கு 12 மில்லி நொடிக்கு மேல் போகிறது. நொடிக்கு 80 தாவல் செய்தால் அதிகம். வரிசையாக இருக்கும் ஒரே பெரிய கோப்பைப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் 150 எம்பிக்கு மேல் தரும். ஒரு கேமராவின் 100 எம்பிபிஎஸ் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும். மூன்று கேமராவை மல்டிகேமில் அடுக்கினாலும் 40 எம்பிக்குள்தான் வரும். பூட்டேஜை மட்டும் படிக்க வேண்டியிருந்தால் ஹார்டு டிஸ்க் சமாளித்திருக்கும். கேஷும் அங்கேயே வந்து உட்கார்ந்ததும், மூன்று வீடியோ கோப்புக்கும் அவற்றின் ஒலிக் கோப்புகளுக்கும் அலைவடிவப் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் ஒரே முள் ஓடுகிறது. நாலு பந்திக்கு ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடுவது போல. வாளியில் சாம்பார் இருக்கிறது, இலைக்குத்தான் வந்து சேரவில்லை.

அந்தக் கேஷில் அப்படி என்னதான் இருக்கிறது? விண்டோஸ் கீயோடு R தட்டி இதைக் கொடுங்கள்:

```
%APPDATA%\Adobe\Common
```

Media Cache, Media Cache Files என்ற ஃபோல்டர்கள் தெரியும். இடத்தை விழுங்குவது இரண்டாவது. அதில் .cfa என்று முடியும் கோப்புகள்தான் பெரியவை. கேமரா ஒலியை ஏஏசி-யாகச் சுருக்கிக் கொடுத்தால், பிரீமியர் அதை அப்படியே வைத்து வேலை செய்யாமல் 32 பிட்டாக விரித்து எழுதி வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட், இடம் வலம் என்று இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 3,84,000 பைட், ஒரு மணி நேர கிளிப்புக்கு 1.38 ஜிபி. வரவேற்பு, முகூர்த்தம் என்று எல்லாக் கேமராவும் சேர்ந்து 10 மணி நேரம் ஓடியிருந்தால் ஒரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய 14 ஜிபி. ஆறு கல்யாணத்துக்கு 80 ஜிபியைத் தாண்டும். 256 ஜிபி என்று விற்கும் டிரைவ் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். அதில் விண்டோஸும் அடோபியும் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மாகவே பதியும் கேமராக்களின் கிளிப்புக்கு இந்தச் சுமை இல்லை. அலைவடிவத்துக்கான சின்ன .pek கோப்போடு முடிந்துவிடும்.

ஆல்பமும் பென்டிரைவும் கைமாறிய பிறகு அந்த 14 ஜிபியால் எந்தப் பயனும் இல்லை. பூட்டேஜை அழித்தால் அது தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது.

அழிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரீமியரை மூடித் திரும்பத் திறங்கள்; பிராஜெக்ட் எதையும் திறக்க வேண்டாம். முகப்புத் திரையிலேயே Edit > Preferences > Media Cache போய் Delete அழுத்தினால், உபயோகத்தில் இல்லாததை மட்டும் அழிக்கவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். பிராஜெக்ட் திறந்திருந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. “அழிச்சேன், இடமே வரலை” என்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். எல்லாவற்றையும் அழித்தாலும் மூலக் கோப்புக்கோ பிராஜெக்டுக்கோ ஆபத்தில்லை. அடுத்த முறை பிராஜெக்டைத் திறக்கும்போது எல்லாக் கிளிப்பின் ஒலியையும் புதிதாக விரித்து எழுதும். அது முடிகிறவரை சில கிளிப்புகளில் சத்தம் வராது, அலைவடிவமும் தெரியாது. நாளைக்கு டெலிவரி என்றால் இன்று இரவு இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

அதே பக்கத்தில், இத்தனை நாளுக்கு மேல் பழசானதைத் தானே அழித்துவிடு என்ற வசதி இருக்கிறது. கல்யாண வேலைக்கு 60, 90 நாள் சரியாக வரும். ஒரு வாரம் என்று வைத்தால், மாப்பிள்ளை வீட்டார் திருத்தம் சொல்லி அனுப்பும் நாளில் எல்லாவற்றையும் அது மறுபடி எழுதிக்கொண்டிருக்கும்.

இடம் பிடிப்பதில் கேஷை விடப் பெரிய ஆள் பிரீவியூ. டைம்லைனில் சிவப்புக் கோடு பச்சையாக மாற ரெண்டர் கொடுக்கிறோமே, அந்தக் கோப்புகள். பிரீவியூ வடிவமாக புரோரெஸ் 422 எல்டி இருந்தால், 1080, 25 பிரேம் கணக்கில் நொடிக்கு 85 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 38 ஜிபி. ஒரு இடத்தில் கலர் மாற்றி மறுபடி ரெண்டர் செய்தால் பழைய கோப்பு உடனே போய்விடுவதில்லை, புதியது அதன் பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. வேலை முடிந்ததும் அந்தச் சீக்வென்ஸைத் திறந்து Sequence > Delete Render Files கொடுத்துவிடலாம். ஏற்கெனவே முடிந்துபோன பிராஜெக்ட் என்றால் Adobe Premiere Pro Video Previews என்ற ஃபோல்டரை நேரடியாக அழித்தாலும் பாதகமில்லை. பிராஜெக்டைத் திறக்கும்போது கோப்பைக் காணோம் என்று கேட்டால் Skip Previews என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பக்கத்திலேயே Auto-Save என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். சில எம்பிதான்; பிராஜெக்ட் கெட்டுப்போன நாளில் அதைத்தான் தேடுவீர்கள்.

கும்பகோணத்துத் தம்பியின் சி டிரைவில் இன்னும் கொஞ்சம் இடம் எடுத்தோம். ஹைபர்னேட் செய்வதற்காக விண்டோஸ் ராமில் 40 சதவீத அளவுக்கு ஒரு கோப்பை ஒதுக்கி வைக்கும். 32 ஜிபி ராமுக்கு அது 12 ஜிபிக்கு மேல். இரவில் கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துவிடும் ஸ்டூடியோவுக்கு அது வேண்டாத சுமை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இந்த ஒரு வரி:

```
powercfg /h off
```

கம்ப்யூட்டர் ஆன் ஆகச் சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது டிரைவ். கேஷுக்கும் பிரீவியூவுக்கும் என்று 500 ஜிபியில் தனியாக ஓர் எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன். எது என்பதில் ரிச்சி தெருவில் குழப்புவார்கள். எம்.2 வடிவில் இரண்டு வகை உண்டு. பின் பக்கம் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. பெட்டியில் 7000 எம்பி என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. கேஷுக்குத் தேவை, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சுறுசுறுப்பு. ஹார்டு டிஸ்கின் 12 மில்லி நொடி எங்கே, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியிலும் ஒரு மில்லி நொடிக்குள் வந்துவிடுவது எங்கே. போர்டில் என்விஎம்இ இடம் இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

வெளியில் செருகும் எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் கேபிளைக் கவனிக்க வேண்டும். போன் சார்ஜரோடு வந்த சி டைப் கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 வேகத்துக்கானது. அதில் எந்த எஸ்எஸ்டியைச் செருகினாலும் 40 எம்பி பக்கத்தில் நின்றுவிடும்.

புது டிரைவ் வந்ததும் Media Cache பக்கத்தில் கோப்புகளுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு Browse பட்டனிலும் அதைக் காட்டினோம். மூலக் கோப்பின் பக்கத்திலேயே சேமிக்கச் சொல்லும் டிக் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதில் டிக் இருந்தால் .cfa எல்லாம் மறுபடி ஹார்டு டிஸ்குக்கே போய்விடும், அதனால் எடுத்துவிட்டோம். பிறகு File > Project Settings > Scratch Disks பக்கத்தில் வீடியோ, ஆடியோ பிரீவியூ இரண்டையும் புது டிரைவுக்கு மாற்றினோம். ஆட்டோ சேவ் மட்டும் பிராஜெக்ட் இருக்கும் இடத்திலேயே. பூட்டேஜ் டி-யிலேயே இருக்கட்டும், முள்ளுக்கு இனி அந்த ஒரு வேலைதான். ஒலி முழுக்கத் திரும்ப எழுதி முடிந்த பிறகு ஓடவிட்டுப் பார்த்தால் டி-யின் Active time முப்பது, நாற்பதுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பேஸ்பார் தட்டியதும் படம் நகர்ந்தது.

அந்தப் புது டிரைவையும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. எஸ்எஸ்டி புதிதாக எழுத வேண்டுமானால் காலியான கட்டங்கள் தேவை. அவை குறையக் குறைய, பழையதை நகர்த்தி அழித்து இடம் செய்துகொண்டு எழுதும். விலை மலிவான டிரைவுகளில் அப்போது எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். 500-ல் ஒரு 80, 100 ஜிபி எப்போதும் சும்மா கிடக்கட்டும். சந்தேகம் இருந்தால் 30 ஜிபி கோப்பு ஒன்றை அதில் காப்பி போட்டு வேகக் கோட்டைப் பாருங்கள். பாதி வழியில் திடுமென விழுந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். அல்லது டிரைவே அந்த ரகம்.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்கு டைம்லைன் இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எல்லாம் பத்து சதவீதத்தில் தூங்கும், சிபியு மட்டும் நூறில் நிற்கும். அப்படியானால் டிஸ்கைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்று பதிந்த வீடியோவைப் பல கிராபிக்ஸ் கார்டுகள் பிரித்துக் கொடுப்பதில்லை. முழுப் பாரமும் சிபியு தலையில் விழுகிறது. எத்தனை எஸ்எஸ்டி வாங்கினாலும் அது தீராது. அதற்கு பிராக்ஸிதான் வழி. அதை எந்த அளவில், எந்த வடிவில் செய்வது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)