சுவர் தாண்டும் அலை

அடுத்த தெருவில் திருவிழா நடக்கிறது. கதவையும் சன்னல்களையும் அடைத்துவிட்டுப் படிக்க அமர்கிறோம். நாகசுரத்தின் நுண்ணிய இழைவுகள் மங்கிவிடுகின்றன. ஒலிபெருக்கியில் பேசுவோரின் சொற்கள் பிடிபடவில்லை. ஆனால், தவிலின் தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் ஆழ்ந்த முழக்கம் மட்டும் சுவரைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறது.

அதே வீட்டில் இன்னொன்றையும் கண்டிருப்போம். வாசலில் நின்றபோது தடையின்றி ஓடிய காணொலி, உள்ளறைக்குச் சென்றதும் நின்று நின்று ஓடுகிறது. எனினும், அலைபேசி அழைப்பு அறுபடுவதில்லை. ஒலியலைக்கு ஊடகம் தேவை. வானொலி அலைக்குத் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு வகை அலைகள். ஆயினும், தடையைச் சந்திக்கும்போது தாழ்ந்த அதிர்வெண் கடந்து செல்வதும் உயர்ந்த அதிர்வெண் தேய்ந்துபோவதும் இரண்டிலும் நிகழ்கின்றன. அதற்கான காரணத்தை அலைபேசி அலைகளின் வழியே காண்போம்.

மூன்று அலைக்கற்றைகள்

2022ஆம் ஆண்டு இந்தியாவில் ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவைக்காக அலைக்கற்றை ஏலம் நடைபெற்றது. அதில் மூன்று வகையான அலைக்கற்றைகள் இடம்பெற்றன. தாழ்நிலையில் 700 மெகாஹெர்ட்ஸ், இடைநிலையில் 3300 மெகாஹெர்ட்ஸ், உயர்நிலையில் 26 கிகாஹெர்ட்ஸ் என அவை வழங்கப்பெறுகின்றன. இடைநிலைக் கற்றை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்தது. அதன் நடுப்பகுதியாகிய 3500 மெகாஹெர்ட்ஸை நம் கணக்கிற்கு எடுத்துக்கொள்வோம்.

ஒளியைப் போலவே இவை அனைத்தும் வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்கின்றன. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். 3500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அகலம். 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ 11.5 மில்லிமீட்டர், ஒரு விரல் நகத்தளவே. முழம், உள்ளங்கை, நகம் என்னும் இம்மூன்று அளவுகளையும் நினைவில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சுவர் வாங்கும் வரி

கற்காரைச் சுவர் பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் அதன் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கும். அலை உள்ளே நுழையும்போது அதன் மின்புலம் அந்நீரின் மூலக்கூறுகளையும் பொருளில் உள்ள மின்துகள்களையும் முன்னும் பின்னும் அசைக்கிறது. ஒவ்வோர் அசைவிலும் அலையின் ஆற்றலில் சிறு பங்கு வெப்பமாக மாறிச் சுவரிலேயே தங்கிவிடுகிறது. ஓர் அலைவுக்கு இவ்வளவு எனச் சுவர் வரி வாங்குகிறது என்று இதனைக் கருதலாம்.

இனி, ஒரு சுவரைக் கடப்பதற்குள் எத்தனை அலைவுகள் நிகழ்கின்றன என்று பார்ப்போம். கற்காரையினுள் அலையின் வேகம் குறைவதால் அதன் நீளமும் பாதிக்கும் கீழாகச் சுருங்குகிறது. 23 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவருக்குள் 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஒருமுறைக்குச் சற்று மேலாகவே அலைவுறும். 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ அதே தடிமனுக்குள் நாற்பது முறைக்கு மேல் அலைவுறும். முன்னது ஓரிரு முறை வரி செலுத்திவிட்டு வெளியேறுகிறது. பின்னது நாற்பது முறை செலுத்திக் கையிருப்பு முழுவதையும் இழந்துவிடுகிறது.

அலைபேசி வலையமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான கணிப்பின்படி, ஒரு கற்காரைச் சுவரைக் கடந்தபின் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் திறனில் ஆறில் ஒரு பங்கு எஞ்சுகிறது. 3500 மெகாஹெர்ட்ஸில் எண்பதில் ஒரு பங்கு எஞ்சுகிறது. 26 கிகாஹெர்ட்ஸில் எஞ்சுவது ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. உலோகம் எந்த அலைக்கும் வழிவிடாது. நான்கு புறமும் உலோகத் தகடு சூழ்ந்த மின்தூக்கிக்குள் தாழ்ந்த அதிர்வெண்ணும் தடுமாறுவது இதனாலேயே. வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இடப்பட்ட கண்ணாடியும் இவ்வாறே அலைகளைப் பெரிதும் தடுக்கிறது. பூச்சற்ற கண்ணாடியோ உயர் அதிர்வெண்ணிற்கும் ஓரளவு இடம் தருகிறது. சன்னலோரம் சென்றதும் காணொலி மீண்டும் சீராக ஓடுவதன் காரணம் இதுவே.

வளைந்து செல்லும் அலை

அலை தன் நீளத்தோடு ஒப்பிடத்தக்க தடையைச் சந்தித்தால் அதன் விளிம்பில் வளைந்து மறுபக்கம் பரவும். இதனை விளிம்பு விளைவு என்பர். முழ நீள அலை, தூணையும் மனித உடலையும் எளிதில் சுற்றிச் செல்லும். தெருமுனையிலும் ஓரளவு திரும்பும். நகத்தளவு அலைக்கு அதே தூண் ஒரு பெருமலை. அது வளையாமல் ஒளியைப் போல நேரே செல்வதால் தூணுக்குப் பின்னே ‘நிழல்’ விழுகிறது. அலைபேசியைப் பிடித்திருக்கும் கைகூட அதற்கு ஒரு தடைதான்.

வெட்டவெளியில் நடப்பது என்ன?

உயர் அதிர்வெண் காற்றிலேயே களைத்து நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. தடையற்ற வெளியில் எல்லா அலைகளும் ஒரே விதமாகவே விரிந்து பரவி மெலிகின்றன. வேறுபாடு அவற்றை வாங்கும் உணர்கொம்பில் இருக்கிறது. எளிய உணர்கொம்பின் அளவு, அலைநீளத்தை ஒட்டி அமைகிறது. அலைநீளம் ஐந்து மடங்கு குறைந்தால் அது அலையை ஏந்தும் பரப்பு இருபத்தைந்து மடங்கு குறையும். ஒரே மழையில் அண்டாவையும் கிண்ணத்தையும் வைத்தால், கிண்ணத்தில் சேரும் நீர் குறைவு. அதனால் மழை குறைந்துவிட்டது என்று கூற முடியாது.

பல கிண்ணங்களை அடுக்கினால் அண்டாவுக்கு ஈடாகும். அவ்வாறே சிறு உணர்கொம்புகள் பலவற்றை ஒரே தகட்டில் அமைத்து இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கின்றனர். அலைபேசிக் கோபுரங்களில் முரசு போன்ற வட்டக் கலங்களைக் கண்டிருப்போம். அவை 15 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களில் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு கோபுரத்தோடு தொடர்பு கொள்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று நேர்கோட்டில் நோக்கியிருப்பதால் இது இயல்கிறது. பெருமழை பெய்தால் அத்தொடர்பும் நலியும். அலைநீளம் மழைத்துளியின் அளவை நெருங்குவதே காரணம். ஆக, வெட்டவெளியில் நேரும் இழப்பை உணர்கொம்புகளைப் பெருக்கி மீட்கலாம். சுவரில் இழந்ததை அவ்வாறு மீட்பது அரிது.

வேகத்தின் ஊற்று

எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் செல்லுமாயின், உயர் அலைக்கற்றை மட்டும் விரைவாகத் தரவைத் தருவது எவ்வாறு? தரவின் வேகம் அலை ஓடும் வேகத்தைப் பொறுத்ததன்று. அலைக்கற்றையின் அகலத்தைப் பொறுத்தது. ஒரே வேகத்தில் வண்டிகள் ஓடினாலும் ஒற்றையடிச் சாலையை விட நூறு தடச் சாலையில் மிகுதியான வண்டிகள் செல்லும் அல்லவா?

உயரத்தில்தான் அந்த அகலம் கிடைக்கும். சுழியிலிருந்து 700 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள வெளி முழுவதையும் கூட்டினாலும் அகலம் 700 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள்ளேயே வானொலி, பண்பலை, தொலைக்காட்சி எனப் பலவும் இடம்பெற வேண்டும். 26 கிகாஹெர்ட்ஸ் எனப்படும் ஒரே கற்றையோ 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 3250 மெகாஹெர்ட்ஸ் அகலம் விரிந்து கிடக்கிறது. எனவே ஒரு நிறுவனத்திற்குத் தாழ்நிலையில் 10 மெகாஹெர்ட்ஸும், இடைநிலையில் 100 மெகாஹெர்ட்ஸும், உயர்நிலையில் 1000 மெகாஹெர்ட்ஸும் கிடைப்பது இயல்பாகிறது.

ஒரு வீட்டுக்குள் ஒரு கணக்கு

அகலம் மட்டும் போதாது. அலை, இரைச்சலை விட வலிமையாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் விதியை கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1948இல் வெளியிட்டார். இரைச்சலைப் போல அலை எத்தனை மடங்கு வலிமையுடையதோ அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டை எத்தனை முறை பெருக்கினால் அத்தொகை வருமோ, அத்தனை பிட்டுகளை ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்திலும் நொடிதோறும் அனுப்பலாம். அதுவே பேரெல்லை.

வாசலில் மூன்று அலைகளும் இரைச்சலைப் போல 31 மடங்கு வலிமையோடு இருப்பதாகக் கொள்வோம். ஒன்றைக் கூட்டினால் 32. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. எனவே, ஒரு ஹெர்ட்ஸுக்கு 5 பிட்டுகள். தாழ்நிலைக் கற்றையின் எல்லை நொடிக்கு 50 மெகாபிட், இடைநிலையில் 500, உயர்நிலையில் 5000. வாசலில் உயர்நிலைக்கே வெற்றி.

ஒரு கற்காரைச் சுவரைக் கடந்து முதல் அறைக்குள் செல்வோம். உயர்நிலை அலை அங்கே வந்து சேரவேயில்லை. இடைநிலை அலையின் வலிமை இரைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காகச் சரிகிறது. அதன் எல்லை ஏறத்தாழ 47 மெகாபிட். தாழ்நிலை அலையோ இன்னும் இரைச்சலைப் போல ஐந்து மடங்கு வலிமையுடையது. அதன் எல்லை 26 மெகாபிட். இப்போது இடைநிலை முந்துகிறது.

இரண்டாம் சுவரையும் கடந்து உள்ளறையை அடைவோம். இடைநிலை ஒரு மெகாபிட்டுக்கும் கீழே வீழ்கிறது. தாழ்நிலை ஏறத்தாழ 9 மெகாபிட்டோடு நிற்கிறது. வாசலில் கடைசியாக நின்ற அலை, உள்ளறையில் முதலிடம் பெற்றுவிட்டது. சன்னல்களையும் எதிரொளிப்பையும் விட்டுவிட்டு எளிமையாக்கிய கணக்கு இது. எனினும், உள்ளறையில் காணொலி தடுமாறியும் அழைப்பு நிலைத்திருப்பதன் காரணத்தை இது காட்டிவிடுகிறது. பேச்சுக்கு ஒரு மெகாபிட்டில் சிறு பகுதியே போதும்.

அலைபேசித் திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் மெதுவாக இயங்குவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அக்கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுகின்றனவேயன்றிக் கற்றையின் அகலத்தைக் காட்டுவதில்லை. வலிமை மிக்க தாழ்நிலை அலையின் குறுகிய தடத்தை அக்கோபுரத்தின் கீழுள்ள அனைவரும் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவேதான், ஊர்ப்புறங்களுக்கும் உள்ளறைகளுக்கும் தாழ்நிலை, நகரத் தெருக்களுக்கு இடைநிலை, விளையாட்டரங்கம் போன்ற திறந்த, நெரிசல் மிக்க இடங்களுக்கு உயர்நிலை என மூன்றையும் பிரித்துப் பயன்படுத்தத் திட்டமிடுகின்றனர். வாசலிலிருந்து உள்ளறைக்கு நாம் நடக்கும் சில அடிகளுக்குள், நம் கையிலுள்ள கருவி நகத்தளவு அலையை விட்டு உள்ளங்கை அலைக்கும், அதை விட்டு முழ நீள அலைக்கும் ஓசையின்றி மாறிவிடக்கூடும்.