ஊசல் அட்டவணையில் பிழை நெடுவரிசைகள்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில் உண்மையில் அளக்கப்படுவது இரண்டுதான்: ஊசலின் நீளம், 20 அலைவுகளுக்கு ஆகும் நேரம். ஆனால் நோட்டில் கையால் வரையும் அட்டவணைக்கு ஏழெட்டு நெடுவரிசைகள் வந்துவிடும். நீளம் L, நேரம் t, அலைவு நேரம் T, அதன் இருபடி T² என்று போய், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ± குறியிட்ட ஒரு பிழை நெடுவரிசையும் நிற்கும். அளவீட்டில் இருக்கும் பிழை கணக்கின் வழியே அடுத்தடுத்த நெடுவரிசைக்குப் போவதைத்தான் பாடநூல்கள் பிழைகளின் பெருக்கம் என்கின்றன.

ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம். நீளம் 80.0 செ.மீ. 20 அலைவுகளுக்கு மூன்று முறை எடுத்த நேரம் 35.8, 36.0, 35.9 விநாடி, சராசரி 35.9. சரிபார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சராசரிக்குப் பக்கத்தில் என்ன பிழை எழுதியிருக்கிறது என்பதை. நிறுத்துக் கடிகாரம் 0.01 விநாடி வரை காட்டுகிறது என்பதால் பலர் ±0.01 என்று எழுதிவிடுகிறார்கள். அது கடிகாரத்தின் மீச்சிற்றளவு மட்டுமே. பொத்தானை அழுத்தும் விரலின் தாமதம் அதைவிடப் பல மடங்கு பெரியது. மூன்று அளவீடுகளே தங்களுக்குள் 0.2 விநாடி வேறுபடும்போது ±0.01 பொருந்தாது, ±0.2 என்பதே நேர்மையான மதிப்பு. நீளத்திலும் அப்படித்தான். குண்டின் மையம் எங்கே என்பதைக் கண்ணால் மதிப்பிட்டிருந்தால் ±0.2 செ.மீ. என்று கொள்வது நல்லது.

அடுத்தது T. 35.9-ஐ 20-ஆல் வகுத்தால் 1.795 விநாடி. 20 என்பது எண்ணிய எண். அதில் பிழை இல்லை. ஆகவே பிழையும் 20-ஆல் வகுபட்டு ±0.01 ஆகிறது. ஒரே அலைவை அளக்காமல் இருபதை அளப்பதன் காரணமே இதுதான். T-யின் பக்கத்திலும் 0.2 என்றே இருந்தால் வகுக்க மறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அதிகம் தவறுவது T² நெடுவரிசையில். 1.795-இன் இருபடி 3.222. அதன் பிழையைக் காண 0.01-ஐயும் இருபடியாக்கி 0.0001 என்று எழுதுவது அடிக்கடி காணும் தவறு. சரியான மதிப்பு 2 × T × 0.01, அதாவது 0.036. வாய்பாட்டை நம்பாதவர் நேராகவே கணக்கிட்டுப் பார்க்கலாம்: T 1.785 ஆக இருந்தால் T² 3.186, 1.805 ஆக இருந்தால் 3.258. இரண்டும் 3.222-க்கு இருபுறமும் 0.036 தள்ளி நிற்கின்றன.

ஒரே பார்வையில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. T கூடக்கூட T²-இன் பிழையும் கூட வேண்டும். 40 செ.மீ. நீளத்துக்கு அது ஏறக்குறைய 0.025, 100 செ.மீ.க்கு 0.040. மேலிருந்து கீழ்வரை ஒரே எண் நின்றால், முதல் வரிக்குக் கணக்கிட்டுவிட்டு மீதியை நகலெடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் g = 4π²L/T². இங்கே விழுக்காட்டுப் பிழைகளைச் சேர்க்க வேண்டும். L-இல் 0.25%, T²-இல் 1.1%. கூட்டினால் சுமார் 1.4%, இருபடிகளைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 1.1%. எந்த முறையிலும் விடை 9.8 ± 0.1 மீ/வி². இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: T²-இன் பிழையை எடுத்துக்கொண்ட பிறகு இன்னொரு முறை 2-ஆல் பெருக்குவது. அந்த இரண்டு முன்பே உள்ளே வந்துவிட்டது. 9.802 ± 0.1 என்று எழுதுவதும் சரியல்ல. முதல் தசம இடமே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது அதற்குப் பின்வரும் இலக்கங்கள் எதையும் சொல்வதில்லை. இடைக்கணக்கில் மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விடை 10.9 ± 0.1 என்று வருவதுண்டு. ஊசலை விட்டு, கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் இருபது என்று சொல்லும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். நேரம் 34.1 விநாடி என்று பதிவாகும். எல்லா நீளங்களுக்கும் அப்படியே எண்ணியிருந்தால் L/T² எல்லா வரிகளிலும் ஒரே மதிப்பாக, 24.8-க்குப் பதில் 27.5 என்று நிற்கும். வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் எந்தப் பிழை நெடுவரிசையும் இதைக் காட்டிக்கொடுக்காது. அதே நீளத்துக்கு நாற்பது வரை எண்ணி இன்னொரு நேரம் எடுத்தால் தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியென்றால் அது முதல் நேரத்தின் இருமடங்காக, 68.2 ஆக இருக்க வேண்டும், வருவதோ 70.0. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 35.9 விநாடி. அதுதான் 20 அலைவுகளின் உண்மையான நேரம்.