இ.எஸ்.ஆர். ஏறியும் சி.ஆர்.பி. ஏறாதபோது

ஹீமோகுளோபின் குறைவு ரத்தத்தில் பல மாற்றங்களை ஏற்படுத்துகிறது. அந்த மாற்றங்களுள் ஒன்று வேறொரு பரிசோதனையின் முடிவைத் திசைதிருப்பிவிடக் கூடியது என்பதால் அதைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கெடார் போன்ற ஊர்களிலிருந்து உடல்சோர்வு, மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்று மருத்துவரை நாடுவோரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரண்டும் அடுத்தடுத்து இடம்பெறுவது வழக்கம். கிருமியோ காயமோ உடலின் சொந்த எதிர்ப்பாற்றலோ திசுக்களைத் தாக்கும்போது எழும் எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். இரண்டு பரிசோதனைகளும் அந்த அழற்சியைக் காட்டுபவை என்பதால், ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியிருக்க வேண்டும் என்றே நோயாளியும் வீட்டாரும் நினைக்கின்றனர்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கெடார்ப் பக்கத்தில் மணிலாக் கொல்லையில் களையெடுக்கும் 45 வயதுப் பெண் ஒருவர், சில மாதங்களாகத் தொடரும் அசதிக்காகப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்றும், அவருடைய இ.எஸ்.ஆர். மணிக்கு 58 மில்லிமீட்டராகவும், சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராமாகவும், ஹீமோகுளோபின் 8.2 கிராமாகவும் இருக்கின்றன என்றும் கொள்வோம். பெண்களுக்கான இ.எஸ்.ஆர். உச்ச வரம்பைத் தோராயமாகக் கணிக்க வயதுடன் பத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பது மருத்துவர்களிடையே வழங்கும் எளிய கணக்கு. அதன்படி இவருக்கு 27 அல்லது 28 வரை இருக்கலாம் என்பதால் 58 என்பது அதன் இரு மடங்கு. சி.ஆர்.பி.யோ பெரும்பாலான ஆய்வகங்கள் வைத்திருக்கும் 5 என்ற வரம்புக்குள்ளேயே நிற்கிறது. இந்த முரண்பாட்டுக்கு விடை, இரண்டும் எதை அளக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

இ.எஸ்.ஆர். என்பது ரத்தத்தில் உள்ள எந்த ஒரு பொருளின் அளவும் அன்று; அது ஒரு நிகழ்வின் வேகம். உறையாமல் இருக்க நான்கு பங்கு ரத்தத்துடன் ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசலைக் கலந்து, 200 மில்லிமீட்டர் வரை கோடிட்ட நுண்ணிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் பிளாஸ்மாவின் உயரத்தைப் படிப்பதே வெஸ்டர்கிரென் முறை. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை இயல்பாக ஒன்றையொன்று விலக்கி, தனித்தனியே மெதுவாக இறங்குகின்றன. அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் உறைவுப் புரதமும், எதிர்ப்பாற்றலின் இம்யூனோகுளோபுலின் புரதங்களும் அந்த விலக்கத்தைத் தணித்துவிடுவதால், அணுக்கள் அடுக்கி வைத்த நாணயங்கள் போல ஒட்டிக்கொண்டு, எடை கூடி விரைந்து இறங்குகின்றன. சுவீடனின் ராபின் ஃபாரேயஸ் 1918ஆம் ஆண்டில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்த விரைவைக் கவனித்ததும், அதே நாட்டின் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921ஆம் ஆண்டில் காசநோயாளிகளிடம் இதை அளக்கும் முறையை வகுத்ததும் இப்பரிசோதனையின் தொடக்க வரலாறு. இ.எஸ்.ஆர். ஏறியதைக் கண்டதும் காசநோயோ என்று அஞ்சும் வழக்கத்துக்கு இந்த வரலாற்றிலும் ஒரு வேர் உண்டு எனலாம்.

சி.ஆர்.பி. எனப்படும் சி-ரியாக்டிவ் புரதம் இதற்கு மாறாக, நேரடியாக அளக்கப்படும் ஒரே ஒரு பொருள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில், அந்நோய்க்கிருமியின் சி-பாலிசாக்கரைடு என்னும் சர்க்கரைப் பொருளுடன் சேர்ந்து படியும் ஒன்றைக் கண்டு 1930இல் அறிவித்தனர். பெயரில் உள்ள சி அந்தப் பொருளைக் குறிப்பது. அழற்சி மூண்ட இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 என்னும் செய்திப் புரதம் கல்லீரலை அடைந்ததும் சி.ஆர்.பி. உற்பத்தி தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் தென்படும்படி உயர்ந்து, இரண்டு நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. சிவப்பணுக்கள் எத்தனை இருக்கின்றன, என்ன வடிவில் இருக்கின்றன என்பது இதைப் பாதிப்பதில்லை.

மேலே சொன்ன பெண்ணின் சீட்டில் உள்ள முரண்பாடு இங்கேதான் விளங்குகிறது. குழாயில் அணுக்கள் கீழே இறங்க வேண்டுமானால் அவை விலக்கும் பிளாஸ்மா மேலே ஏறியாக வேண்டும். அணுக்கள் நெருங்கி நிறைந்திருக்கும் ரத்தத்தில் ஒன்றின் இறக்கத்துக்கு மற்றொன்று தடையாகிறது. ரத்தசோகையில் அணுக்களின் பங்கு குறைந்து பிளாஸ்மாவின் பங்கு மிகுவதால் தடை தளர்ந்து, அழற்சியே இல்லாதபோதும் இறக்கம் விரைவுபடுகிறது. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்திருப்பதால் அந்த விரைவு ஓரளவு மட்டுப்படும் என்பது உண்மையே. ஆயினும் ஹீமோகுளோபின் எட்டு அளவுக்கு இறங்கியிருக்கும்போது 58 என்ற எண்ணில் பெரும்பகுதியை ரத்தசோகையே தந்திருக்கக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அப்படியானால் இம்மாநிலத்தில் ஒரு பெண்ணின் இ.எஸ்.ஆர். எண்ணைப் பக்கத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பாராமல் படிப்பது பாதிச் சீட்டைப் படிப்பதற்குச் சமம்.

இந்நிலையில் அடுத்துச் செய்ய வேண்டியது ஃபெரிட்டின் பரிசோதனை. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம். ஆனால் அழற்சியிலும் அது தானே ஏறிவிடும் என்பதால், சேமிப்பு வற்றியிருந்தும் எண் இயல்பாகத் தோன்றக்கூடும். சி.ஆர்.பி. 3ஆக இருப்பதால் அந்த ஐயம் பெரிதும் நீங்கி, ஃபெரிட்டின் எண்ணை நம்பிப் படிக்க முடிகிறது. அது 8 என்று வந்தால் இரும்புச்சத்துக் குறைவு உறுதியாகிறது. அதற்குக் காரணம் மிகுந்த மாதவிடாய்ப் போக்கா, கொக்கிப்புழுவா, குடலில் ரத்தக்கசிவா என்று தேடுவதும் இரும்பு மாத்திரை தொடங்குவதும் உடன் நிகழ வேண்டும். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6க்கு ஏறி இ.எஸ்.ஆர். 24க்கு இறங்குமானால், முதலில் கண்ட உயர்வு ரத்தசோகையால் வந்ததே என்று தெளிவாகும். ஹீமோகுளோபின் ஏறியும் இ.எஸ்.ஆர். இறங்கவில்லை என்றால், எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரே வகை இம்யூனோகுளோபுலின் பெருகும் மைலோமா போன்றவற்றைத் தேட வேண்டும், அந்நோயிலும் சி.ஆர்.பி. ஏறாமலே இருக்கலாம். இரு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, எண்கள் எப்படி இருந்தாலும் சளியில் மூலக்கூறு பரிசோதனை செய்வதே வழி. காசநோயை உறுதிசெய்யவும் மறுக்கவும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுக்குமே ஆற்றல் இல்லை.

ஆய்வக நடைமுறையும் முரண்பாட்டைத் தோற்றுவிக்கும். இ.எஸ்.ஆர். குழாய் சற்றே சாய்ந்தாலும் அணுக்கள் ஒருபக்கச் சுவரில் சரிந்து விரைந்து இறங்குகின்றன. மூன்று பாகைச் சாய்வே முடிவை முப்பது விழுக்காடு வரை உயர்த்திவிடும். இப்பரிசோதனைக்குரிய வெப்பம் 18 முதல் 25 பாகை என்று வகுக்கப்பட்டிருக்க, குளிர்சாதனம் இல்லாத லேபில் மே மாதத்து வெயில் அந்த எண்ணை மேலே தள்ளும். ரத்தத்தை ஓரிடத்தில் எடுத்து, பல மணி நேரம் வெளியிலேயே வைத்திருந்து, வேறோர் ஊருக்கு அனுப்பினாலோ, அணுக்கள் உருண்டு திரண்டு அடுக்கும் திறனை இழப்பதால் எண் பொய்யாகக் குறையும். சி.ஆர்.பி.யில் வேறு வகைப் பிழை நேரும். பல ஆய்வகங்கள் அதை mg/L அலகில் தருகின்றன, சில டெசிலிட்டர் கணக்கில் mg/dL என்று தருகின்றன, 4.8 என்ற எண் முதல் அலகில் இயல்பு, இரண்டாவதில் பத்து மடங்கு பெரிய, தெளிவான அழற்சி. இரண்டு சீட்டுகளை ஒப்பிடுமுன் அலகைப் பார்ப்பது இதனால்தான் இன்றியமையாதது.

எல்லாம் சரியாக அளக்கப்பட்டிருந்தாலும் காலம் இரண்டையும் பிரிக்கும். நிமோனியா கண்ட ஒருவருக்கு இரண்டாம் நாளில் சி.ஆர்.பி. 160 ஆகவும் இ.எஸ்.ஆர். 25 ஆகவும் இருப்பதில் வியப்பில்லை. ஏனெனில் ஃபைப்ரினோஜன் சேர ஓரிரு நாள் கூடுதலாக ஆகும். மருந்து வேலைசெய்து உற்பத்தி முற்றிலும் நின்றால் சி.ஆர்.பி. ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 160 என்பது அடுத்த நாள் 80, அதற்கடுத்து 40 என்று இறங்கலாம், நடைமுறையில் சற்று மெதுவாக. ஃபைப்ரினோஜன் பாதியாவதற்கு நான்கு நாள் ஆவதால், காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, நோயாளி எழுந்து நடமாடும் வேளையில் இ.எஸ்.ஆர். 80ஐத் தொட்டு நிற்கக்கூடும், இயல்புக்குத் திரும்ப வாரங்களும் ஆகலாம். அந்த எண்ணைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று ஆன்டிபயாடிக்கை மாற்றுவது, முடிந்துபோன நோய்க்கு மருந்து கொடுப்பதாகும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால், நோயின் இயல்பே இரண்டையும் பிரித்துவைக்கும் இடம் ஒன்று உண்டு. லூபஸ் என்னும் நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த அணுக்களையே தாக்கி, தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கிறது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது இ.எஸ்.ஆர். நூறை எட்டினாலும் சி.ஆர்.பி. பல சமயம் இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ நிற்கிறது. இந்நோயில் மிகும் முதல்வகை இன்டர்ஃபெரான்கள் கல்லீரலில் சி.ஆர்.பி. உற்பத்தியை அடக்குவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இம்யூனோகுளோபுலின்களோ மிகுந்தே இருப்பதால் சிவப்பணுக்கள் அடுக்கி விரைந்து இறங்குகின்றன. ஆகவே லூபஸ் உள்ளவருக்குக் காய்ச்சலோடு சி.ஆர்.பி. வெகுவாக ஏறினால், நோய் தீவிரமடைந்தது என்று முடிவுகட்டி ஸ்டீராய்டைக் கூட்டுமுன் கிருமித்தொற்றைத் தேட வேண்டும். நுரையீரல் உறை, இதய உறை ஆகியவற்றின் அழற்சியும் சி.ஆர்.பி.யை ஏற்றக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இதற்கு நேரெதிரான தோற்றமும் உண்டு, அதுவே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. கடும் தொற்றினால் ரத்தக் குழாய்களுக்குள் எங்கும் உறைவு ஏற்படும்போதும், சிறுவர்களின் மூட்டழற்சி நோயில் எதிர்ப்பணுக்கள் கட்டுமீறிப் பெருகும்போதும், ஃபைப்ரினோஜன் செலவழிந்து வற்றிவிடுவதால், முந்தைய நாள் நூறாக இருந்த இ.எஸ்.ஆர். இருபதுக்கு இறங்கிவிடும், சி.ஆர்.பி.யும் காய்ச்சலும் உயர்ந்தே நிற்கும். அந்த வீழ்ச்சியைக் குணமாவதாகக் கொள்ளாமல், அன்றே பிளேட்லெட் எண்ணிக்கை, ஃபைப்ரினோஜன், ஃபெரிட்டின் ஆகியவற்றைப் பார்த்து, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு நோயாளியைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.