முழு நைட் மட்டும் வேண்டாம்

நூல் மில்லில் இன்சுலின் போட்டுக்கொண்டு முழு நைட் பார்க்கும் தொழிலாளிக்கு ஆபத்து பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வருகிறது. இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு உள்ளே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு வேளை போடும் கலவை இன்சுலினில் ஒரு பகுதி உடனே வேலை செய்யும். மற்றொரு பகுதி சில மணி நேரம் கழித்துத்தான் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர் படுக்கையில் இல்லை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு, ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். நடையும் சர்க்கரையைக் குறைக்கிறது, ஊசியும் குறைக்கிறது. வயிற்றிலோ ஒன்றுமில்லை.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். ஆனால் நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அங்கே எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. முதல் எச்சரிக்கை இப்படிக் கவனிக்கப்படாமலே போய்விடும். அடுத்து தலைசுற்றல், தடுமாற்றம். பக்கத்தில் ஓடுகிற இயந்திரம்.

மருந்தளவை மாற்றினால் போதாதா என்றால், நிரந்தரமாக ஒரே ஷிப்ட் என்றால் பலருக்குப் போதும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்போது சாப்பாடும் தூக்கமும் ஊசி நேரமும் சேர்ந்து மாறுவதால், போன வாரத்துக்குச் சரியான அளவு இந்த வாரம் ஒத்துவராது. அதனால்தான் சிலருக்கு மருத்துவர் "நைட் வேண்டாம்" என்கிறார்.

இந்த இடத்தில்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பலரும் சறுக்குவதும் இங்கேதான். "உடல்நிலை சரியில்லாததால் நைட் ஷிப்ட் பார்க்க முடியவில்லை, பகல் ஷிப்ட் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதி, "ஓய்வு தேவை" என்ற சீட்டை இணைத்துக் கொடுப்பார்கள். மேலாளர் அதை எப்படிப் படிப்பார்? வேலைக்கு லாயக்கில்லை, லீவு போட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை ஆண்டுக்கு 91 நாள் வரை, 70 விழுக்காடு கிடைக்கும். அது வேலைக்கே வர முடியாதவருக்கு. நம் ஆள் வேலை செய்யத் தயாராக இருப்பவர்.

ஆகவே மருத்துவரிடமே கேட்டு வாங்க வேண்டிய வாசகம் இது: பகலில் வழக்கமான வேலைக்குத் தகுதியுள்ளவர், நள்ளிரவுக்கு மேல் வேலை தவிர்க்கப்பட வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. கடிதமும் அதை ஒட்டியே போகலாம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுத்துக்கொள்கிறேன். முழு நைட்டில் இரண்டு முறை சர்க்கரை குறைந்து வேலையிடத்தில் மயக்கம் வந்தது. பகல் ஷிப்டுக்குத் தகுதி உண்டு என்றும், முழு நைட் மட்டும் கூடாது என்றும் மருத்துவர் எழுதிய சான்றிதழை இணைத்துள்ளேன். மூன்று மாதத்துக்குப் பகல் ஷிப்ட் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமில்லையென்றால், மருத்துவர் சம்மதத்துடன், பன்னிரண்டு மணிக்கு முடியும் அரை நைட்டும் பார்க்கிறேன். என் பிரிவிலேயே ஒருவர் நைட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்."

கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் பலன் அதிகம் என்பேன். மேலாளரின் கவலை, அந்த ஃபிரேமை இரவில் யார் பார்ப்பது என்பது. அதற்கு விடை கடிதத்திலேயே இருக்கிறது. மூன்று மாதம் என்ற வரையறையும் அவரைத் தயங்கவிடாது. ரத்தப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் இணைக்கத் தேவையில்லை, சான்றிதழ் போதும். நைட் அலவன்ஸ் இருந்தால் அது போய்விடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

உரிமை என்று அடித்துக் கேட்க முடியுமா? உடல்நிலையால் இரவு வேலைக்கு ஒவ்வாதவர் என்று சான்று பெற்றவரை, முடிந்தவரை அவர் செய்யக்கூடிய அதே மாதிரி வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவு வேலை உடன்படிக்கை. இந்தியா அதில் இணையவில்லை. அதனால் இது வேண்டுகோள்தான்; கடிதத்தில் மிரட்டும் தொனி உதவாது.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். "பாத்துக்கலாம்பா" என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தால், ஒரு வாரம் கழித்து அந்தப் பிரதியோடு நல அலுவலரையோ சங்கத்தையோ பார்க்கலாம். பதில் வரும்வரை முழு நைட் வரத்தான் செய்யும். அதுவரை இரவு வேலை பற்றிச் சொல்லி ஊசி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும், சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பதும், பக்கத்து ஃபிரேம்காரரிடம் "நான் தடுமாறினா வாயில சர்க்கரையப் போடு, நினைவில்லேன்னா எதையும் போடாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிவைப்பதும் அவர் பொறுப்பு.