பழைய போனோடு போன சாவி

பழைய ஆண்ட்ராய்டு போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஐபோன் வாங்கிய அன்று மாலையே சித்தப்பா கூப்பிட்டார். "சிம் மாத்தியாச்சு, போட்டோ எல்லாம் வந்துடுச்சு. ஷாப்பிங் ஆப் மட்டும் உள்ளே விடமாட்டேங்குது. பாஸ்கீயே இல்லைங்குது. அதே விரல், அதே நான்தானே?"

விரல் சாவி இல்லை. போனுக்குள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கத்தான் விரல். சாவி அந்தப் பெட்டகத்துக்குள் இருக்கிறது. பாஸ்கீ என்பது ஒரு ஜோடி: ஒரு பாதி ஆப் நிறுவனத்திடம், ரகசியமான மறுபாதி நம் பெட்டகத்தில். ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர். ஐபோனில் ஐகிளவுட் கீசெயின். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறினால் அதே கூகுள் கணக்கு வழியே சாவி வந்துவிடும். சித்தப்பா மாற்றியது போனை மட்டுமல்ல, பெட்டகத்தையும்.

நல்லவேளை, அவருடைய சாவி கூகுளிடம் பத்திரமாக இருந்தது. ஐபோனில் குரோம் போட்டு, பழைய கூகுள் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸின் ஆட்டோஃபில் பகுதியில் குரோமை இயக்கச் சொன்னேன். பின் கேட்டது. புதிய போனின் பின்னை இரண்டு முறை அடித்தார், ஏற்கவில்லை. அது கேட்டது பழைய போனின் திரைப்பூட்டு எண்ணை. அதை அடித்ததும் ஆப் திறந்தது. பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அடிக்கவும் கூடாது, முயற்சிகளுக்கு அளவுண்டு.

பழைய போன் கையில் இருந்திருந்தால் வேலை இன்னும் எளிது. உள்நுழையும்போது 'வேறு கருவி' என்பதைத் தேர்ந்தால் க்யூஆர் கோடு வரும். பழைய போனால் ஸ்கேன் செய்து, விரல் வைத்தால் போதும். இரண்டிலும் புளூடூத் இயங்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் இருப்பதை அதை வைத்துத்தான் உறுதி செய்கிறது. ஆனால் இப்படி நுழைவதால் சாவி புதிய போனுக்கு வந்துவிடாது. நுழைந்த கையோடு கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் புதிதாக ஒரு பாஸ்கீ உருவாக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று வெளியேறி ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகே பழைய போனை அழிக்கலாம்.

மாற்று வழியையும் அன்றே அமைத்தோம். கூகுள் கணக்கு 10 பேக்கப் கோடுகள் தரும்; ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி பீரோவில் வைத்தார். மீட்பு மின்னஞ்சலாக அவர் கொடுத்திருந்த முகவரியோ அந்தப் பழைய போனில் மட்டுமே திறந்திருந்தது, பாஸ்வேர்டும் நினைவில்லை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதை எடுத்துவிட்டுச் சித்தியின் முகவரியைப் போட்டோம்.